எச் படிவமும் இரண்டு மரணச் சான்றிதழ்களும்

மன்னாரிலிருந்து மதவாச்சி நோக்கிச் செல்லும் வீதியில், முருங்கனை அடைவதற்கு முன்னர் வரும் ஊர் உயிலங்குளம். கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயல்களும் பனைகளும் சூழ்ந்த இடம். 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்த உடன்படிக்கைக் காலத்தில் இந்தப் பக்கத்தால் பயணஞ் செய்தவர்களுக்கு அந்தப் பெயர் ஊரின் பெயராக அல்ல, சோதனைச் சாவடியின் பெயராகவே நினைவில் நிற்கும். அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் இடையிலான கடவைகளுள் ஒன்று அங்கே இருந்தது. கையில் பையுடனும் பையினுள் பத்திரங்களுடனும் சனங்கள் வெயிலில் வரிசையாக நிற்பார்கள். அப்படி நின்றவர்களுள் என்னுடைய மாமியும் ஒருவர்.

மாமியின் பையில் இருந்தது மாமாவின் மரணச் சான்றிதழ். மாமா 1974ஆம் ஆண்டில் தமது இருபத்திரண்டாவது வயதில் கொழும்பில் ஒரு மொத்த வியாபார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். இருபத்தொன்பது ஆண்டுகள் அங்கேயே உழைத்து 2003ஆம் ஆண்டில் மாரடைப்பால் காலமானார். அவருடைய ஊழியர் சேமலாப நிதியப் பணம் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டும். பத்திரிகையில் வேலை செய்பவன் என்பதால் விண்ணப்பத்தை நிரப்பும் பொறுப்பு என்னிடம் வந்தது. முதற்சுற்று விசாரணையிலேயே ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. "தம்பி, அந்தக் கடதாசியில என்ர பேர் இல்லையாம்" என்று மாமி சொன்னார். அவர் அழவில்லை. ஏதோ பிழை தம்முடையது என்பது போலச் சொன்னார்.

மாமா வேலைக்குச் சேர்ந்த நாளில் ஒப்பமிட்ட படிவத்தில் பின்னுரித்தாளராக அவருடைய தாயாரின் பெயர் இருந்தது. உறவுமுறை என்ற இடத்தில் தாய். பங்கு என்ற இடத்தில் முழுவதும். அன்று அவர் திருமணமாகாதவர். ஆகவே அதில் பிழை எதுவும் இல்லை. 1981இல் திருமணம் நடந்தது. ஒரு மகளும் ஒரு மகனும் பிறந்தார்கள். 1990இல் மீண்டும் போர் மூண்ட பின்னர், இடம்பெயர்ந்திருந்த இடத்தில் தாயார் இறந்துபோனார். படிவம் மட்டும் 1974இலேயே நின்றுவிட்டது.

இந்தப் படிவத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். வேலைக்குச் சேரும் நாளில் பத்து நிமிடத்தில் நிரப்பி மறந்துவிடும் ஒரு தாள் அது. அதன் சரித்திரமும் அது செய்வது என்ன, செய்யாதது என்ன என்பதும் நம்மவர் பலருக்குத் தெரிவதில்லை.

இலங்கையில் ஊழியர் ஒருவரின் மரணத்துக்குப் பின்னர் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்ற வினாவுக்குச் சட்டம் இரு வேறு காலங்களில் இரு வேறு விதமாக விடை சொன்னது. முதல் விடை 1898ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய நிதியம் அதன் மூலமே உருவானது. ஓய்வூதிய உரித்துள்ள அரச உத்தியோகத்தரின் சம்பளத்தில் ஒரு பகுதி கழிக்கப்படும். அவர் இறந்தால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஓய்வூதியம் கிடைக்கும். இங்கே உத்தியோகத்தர் பெயர் குறிப்பிட்டுத் தெரிவு செய்ய எதுவும் இல்லை. குடும்பம் என்றால் யார் என்பதைச் சட்டமே வரையறுத்துவிட்டது. உழைப்பவர் ஆண், அவரை நம்பியிருப்பவர்கள் மனைவி மக்கள் என்ற குடியேற்றக் காலத்து எண்ணம் அதில் அப்படியே உறைந்திருந்தது. பெண் உத்தியோகத்தர்களின் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் ஏற்பாடு செய்ய 1983ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது விடை 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதியச் சட்டம். எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் அரசாங்கத்தில் தொழில் அமைச்சராக இருந்த ரி. பி. இலங்கரத்னவின் பெயருடன் இணைத்தே அது இன்றும் பேசப்படுகிறது. அரசாங்கத்து ஓய்வூதியம் இல்லாத தனியார்துறை ஊழியருக்கும் தோட்டத் தொழிலாளருக்கும் கூட்டுத்தாபன ஊழியருக்கும் முதுமைக்காக ஒரு சேமிப்பை அது கட்டாயமாக்கியது. தொடக்கத்தில் ஊழியரின் சம்பளத்தில் 4 வீதமும் தொழில்தருநரிடமிருந்து 6 வீதமும் சேர்ந்தன. இப்போது அவை 8 வீதமும் 12 வீதமும் ஆகும். நிருவாகம் தொழில் திணைக்களத்திடமும் பணத்தின் பொறுப்பு மத்திய வங்கியிடமும் உள்ளன. ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் பணத்தைப் பெறலாம். அதற்கு முன்னர் இறந்தால் யாருக்கு என்பதை ஊழியரே எழுதித்தர வேண்டும். அவ்வாறு எழுதும் தாள்தான் எச் படிவம். வேலைக்குச் சேரும்போது ஏ, பீ, எச் என்ற மூன்றும் ஒன்றாக்கப்பட்ட படிவம் நிரப்பப்படுவதால் பலருக்கு எச் என்பது தனியான ஒன்று என்றே தெரியாது. இறந்தவர் சார்பில் பணம் கோருவது எல் என்ற வேறு படிவத்தில்.

இந்த மாற்றத்தைச் சிறியதென்று எண்ணிவிடக் கூடாது. 1898இன் சட்டம் குடும்பத்தைத் தானே வரைந்தது. 1958இன் சட்டம் தொழிலாளியிடம் பேனாவைக் கொடுத்தது. பேனாவைக் கொடுத்தபோதே ஒரு பொறுப்பும் சேர்ந்து வந்தது. சட்டம் வரைந்த குடும்பத்தில் திருமணமானதும் மனைவி தானாகவே இடம்பெறுவாள். தொழிலாளி எழுதிய குடும்பத்தில் அவன் திரும்ப எழுதினால்தான் அவள் இடம்பெறுவாள்.

இப்போது மாமாவின் படிவத்துக்கே வருகிறேன். பின்னுரித்தாளர் உயிருடன் இருந்திருந்தால் அவருடைய அடையாளத்தை நிரூபித்து விண்ணப்பித்திருக்கலாம். அவர் இறந்துவிட்டார் என்றால், முதலில் அவர் இறந்துவிட்டார் என்பதை நிரூபிக்க வேண்டும். அதன் பின்னரே பெயர் குறிப்பிடப்படாத ஒருவரின் பணமாக அதை எடுத்துக்கொண்டு வாரிசுகள் யார் என்று பார்ப்பார்கள். எங்கள் சிக்கல் அங்கேதான் இருந்தது. தாயாரின் மரணம் பதியப்படவே இல்லை. இடம்பெயர்ந்து ஒரு பாடசாலையில் தங்கியிருந்த நாள்களில், ஒரு மழைநாளில் அவரை அடக்கம் செய்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டார்கள். பதிவாளரைத் தேடிப்போக எவருக்கும் நேரமும் இல்லை, பாதையும் இல்லை. ஒரு மரணத்துக்காகப் பணம் கேட்கப் போன மாமி இரண்டு மரணங்களை நிரூபிக்க வேண்டியவரானார்.

காலங்கடந்த மரணப் பதிவுக்குச் சத்தியக் கடதாசி வேண்டும். அடக்கத்தை அறிந்தவர்கள் வேண்டும். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் வேண்டும். தாயார் இறந்த இடம் ஒன்று, மாமி அப்போது தங்கியிருந்த அடம்பன் பக்கம் மற்றொன்று, அலுவலகங்கள் இருந்த மன்னார் நகரம் வேறொன்று. ஒவ்வொரு தாளுக்கும் உயிலங்குளக் கடவையைத் தாண்ட வேண்டியிருந்தது. கோவிற் பதிவேட்டில் அடக்கத்தைப் பற்றிய ஒரு வரி கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம். அதில் தாயாரின் ஞானஸ்நானப் பெயர் இருந்தது. எச் படிவத்திலோ வீட்டில் அழைத்த பெயர் இருந்தது. இரண்டும் ஒருவரே என்று இன்னுமொரு சத்தியக் கடதாசி.

பெயரைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். நம்மவருக்குக் குடும்பப் பெயர் இல்லை. பெண்ணுக்குத் திருமணத்துக்கு முன்னர் தகப்பனின் பெயர் முன்னே நிற்கும். திருமணத்துக்குப் பின்னர் சில பத்திரங்களில் கணவனின் பெயர் வந்து சேரும், சிலவற்றில் சேராது. கத்தோலிக்கருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, கூப்பிடும் பெயர் ஒன்று. படிவத்தை நிரப்பும் எழுதுவினைஞர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ காதில் விழுந்தபடி எழுதுவார். மலையகத் தோட்டங்களில் இதே காரணத்தால் சேமலாப நிதியப் பணம் தடைப்பட்டவர்கள் பலர். தோட்டத்துப் பதிவில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறொரு பெயருமாக வாழ்ந்தவர்கள் அவர்கள். ஆகவே பின்னுரித்தாளரின் பெயரை அவருடைய தேசிய அடையாள அட்டையில் உள்ள எழுத்துகளின்படியே எழுதி, அட்டையின் இலக்கத்தையும் சேர்ப்பது பின்னால் வரும் பாதிச் சிக்கலைத் தவிர்க்கும். பெயர் தேய்ந்தாலும் இலக்கம் ஆளைக் காட்டும்.

அடுத்தது பங்கு. ஒருவர் தாய்க்கு 20, மனைவிக்கு 50, தங்கைக்கு 30 என்று நூறையும் பகிர்ந்து எழுதுகிறார் என்று கொள்வோம். கூட்டினால் சரியாக வருகிறது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னர் தங்கை இறக்கிறாள். அதற்குப் பின்னர் அவரும் இறக்கிறார். இப்போது அந்த 30 வீதம் யாருக்கு? தாய்க்கும் மனைவிக்கும் கூட்டிக் கொடுக்கச் சொல்லி அவர் எழுதவில்லை. தங்கையின் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் எழுதவில்லை. தாள் மௌனம் சாதிக்கும் இடத்திலேதான் வழக்கு பிறக்கிறது. இந்திய அரசாங்க ஊழியரின் பொதுச் சேமலாப நிதிப் படிவத்தில் இதற்கென்றே ஒரு நிரல் உண்டு. நியமிக்கப்பட்டவர் முன்னரே இறந்தால் உரிமை யாருக்குப் போகும் என்று அங்கே எழுதலாம். எந்தச் சந்தர்ப்பத்தில் இந்த நியமனம் செல்லுபடியற்றதாகும் என்பதற்கும் ஒரு நிரல் உண்டு. அனுபவத்தில் அடிபட்ட எவரோ சேர்த்த நிரல்கள் அவை என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

படிவமே இல்லை, அல்லது எங்களுடையதைப் போல உயிரற்றுப்போன படிவம்தான் இருக்கிறது என்றால் என்ன நடக்கும்? வாரிசுகளைத் தேட வேண்டும். மன்னாரில் இதற்கு ஒரே விடை கிடையாது. இந்த மாவட்டத்தின் ஒரே தெருவில் வாழும் மூன்று அயலவருக்கு மூன்று வாரிசுரிமைச் சட்டங்கள் பொருந்தலாம். வட மாகாணத் தமிழருக்குத் தேசவழமை. முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின் வழியே அவர்களது மார்க்கச் சட்டம். ஏனையோருக்கு 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இறந்தவர் விட்டுச்சென்றது 720,000 ரூபா. தாய், மனைவி, ஒரு மகன், ஒரு மகள் உயிருடன் இருக்கிறார்கள். மரண சாசனம் எதுவும் இல்லை. 1876இன் சட்டப்படி பாதி மனைவிக்கு, அதாவது 360,000. மற்றப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக, ஆளுக்கு 180,000. பிள்ளைகள் இருக்கும்போது தாய்க்கு எதுவும் இல்லை. முஸ்லிம் சட்டப்படி பிள்ளைகள் உள்ளபோது மனைவிக்கு எட்டில் ஒன்று, 90,000. தாய்க்கு ஆறில் ஒன்று, 120,000. எஞ்சிய 510,000இல் மகனுக்கு இரண்டு பங்கும் மகளுக்கு ஒரு பங்கும்; 340,000மும் 170,000மும். தேசவழமையிலோ முதற்கேள்வியே வேறு. பணம் எப்போது தேடப்பட்டது? திருமணத்துக்கு முன்னரா, பின்னரா? திருமண வாழ்வில் தேடியது தேடிய தேட்டம். அதற்குத் தனி விதி. முன்னரே இருந்த சொத்துக்கு வேறு விதி. 1974இலிருந்து 1981 வரை பிரமசாரியாகவும் அதன் பின்னர் குடும்பஸ்தனாகவும் உழைத்த ஒருவரின் கணக்கை எப்படிப் பிரிப்பது என்று எந்த எழுதுவினைஞரும் மேசையிலிருந்தபடி தீர்மானிக்க முடியாது.

இந்த மூன்று கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் எச் படிவத்தின் வேலை விளங்கும். கொடுப்பனவு செய்யும் அலுவலரை இந்த வினாக்கள் எல்லாவற்றிலிருந்தும் அது விடுவிக்கிறது. இன்னாருக்கு இவ்வளவு என்று எழுதியிருக்கிறது, ஆள் அவரே, கொடுத்துவிடலாம். ஒரு விதவை சமையல் அடுப்புக்கு விறகு வாங்கும் காலத்துக்குள் பணம் வந்து சேர்வதும், பிள்ளைகள் வளர்ந்த பின்னர் வந்து சேர்வதும் அந்த ஒரு தாளைப் பொறுத்தது.

ஆனால், பெயர் எழுதப்பட்டவர் அந்தப் பணத்தின் சொந்தக்காரர் ஆகிவிடுகிறாரா? இந்தியாவின் உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்வியை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திரும்பத் திரும்பச் சந்தித்து வந்திருக்கிறது. 1983ஆம் ஆண்டு டிசம்பரில் ஓர் ஆயுள் காப்புறுதி வழக்கில் அது தீர்ப்பளித்தது. கணவர் மனைவியை நியமித்திருந்தார். அவர் இறந்த பின்னர் தாயும் மகனும் தங்கள் பங்கைக் கேட்டார்கள். பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை நியமிக்கப்பட்டவருடையது. பணத்தின் மீதான உரிமை வாரிசுரிமைச் சட்டத்தின்படி வாரிசுகள் எல்லோருடையதும் என்றது நீதிமன்றம். பெற்றுக்கொண்டவர் அவர்களுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். காப்புறுதியைப் பொறுத்தவரை 2015ஆம் ஆண்டின் திருத்தம் இதை மாற்றியது. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நியமித்தால் அவர்களே உரித்தாளர்கள் என்றாயிற்று. ஒரே சொல், ஒரு சட்டத்தில் வாங்கும் கையைக் குறிக்கிறது. இன்னொரு சட்டத்தில் உரிமையையே குறிக்கிறது. தமிழ்நாட்டில் நாமினி என்றும் இங்கே பின்னுரித்தாளர் என்றும் சொல்லிக்கொண்டு, இரண்டும் எங்கும் ஒன்றுதான் என்று இருந்துவிடுவது தவறு.

மாமாவின் கதையை அப்படியே ஒத்த ஒரு வழக்கு 2025ஆம் ஆண்டு டிசம்பரில் அதே நீதிமன்றத்தில் முடிந்தது. பாதுகாப்புக் கணக்குத் துறையில் 2000ஆம் ஆண்டில் சேர்ந்த ஒருவர், சேர்ந்தபோது எல்லாக் கொடுப்பனவுகளுக்கும் தாயையே நியமித்தார். 2003இல் திருமணம் செய்துகொண்டார். அதன் பின்னர் குழுக் காப்புறுதிக்கும் பணிக்கொடைக்கும் மனைவியின் பெயரை மாற்றி எழுதினார். பொதுச் சேமலாப நிதியின் தாளை மாத்திரம் மாற்றவில்லை. 2021இல் அவர் இறந்ததும் தாயும் மனைவியும் வழக்காடினார்கள். அந்தப் படிவத்திலேயே, குடும்பம் ஏற்பட்டால் இந்த நியமனம் செல்லாது என்ற நிபந்தனை இருந்தது. ஆகவே திருமணத்துடன் தாயின் பெயரில் இருந்த நியமனம் செத்துவிட்டது. மனைவியின் பெயரோ அந்தத் தாளில் ஏறவே இல்லை. ஆகவே இருவருக்கும் சமபங்கு என்று நீதிமன்றம் முடித்தது. இந்தியத் தனியார்துறை ஊழியருக்கான 1952ஆம் ஆண்டுச் சேமலாப நிதித் திட்டத்திலும், திருமணத்துக்கு முன்னர் செய்த நியமனம் திருமணத்துடன் செல்லாததாகும், புதிதாக எழுத வேண்டும் என்ற விதி உண்டு.

அந்த மனிதர் மறதிக்காரர் அல்லர். மூன்று தாள்களில் இரண்டை மாற்றியவர். ஒன்றை மாற்றியதும் எல்லாம் மாறிவிட்டதாக எண்ணியிருக்கலாம். இலங்கையிலும் இதே பொறி இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதியம் ஒரு சட்டத்தின் கீழ் ஒரு நிருவாகம். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த ஊழியர் நம்பிக்கை நிதியம், தொழில்தருநர் மாத்திரம் 3 வீதம் செலுத்துவது, வேறொரு நிருவாகம். நிறுவனம் எடுத்துத் தந்த காப்புறுதி மூன்றாவது. வங்கிக் கணக்கு நான்காவது. ஒன்றில் பெயரை மாற்றியவர் மற்றவற்றையும் திறந்து பார்க்க வேண்டும். எங்கள் மாமாவின் வங்கிப் புத்தகத்தில் மாமியின் பெயர் இருந்தது. அதைக் காட்டி, "இதில் இருக்கிறதே" என்று நான் வாதாடினேன். எதிரே இருந்தவர் பொறுமையாக, அது அந்தப் பணத்துக்கு மட்டும் என்றார். அவர் சொன்னது சரி.

மன்னாருக்கே உரிய ஒரு துயரத்தையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. எச் படிவம் உயிர் பெறுவது மரணத்தில். மரணம் நிச்சயமில்லாவிட்டால் அது வெறும் தாள். போரில் காணாமற்போன ஒருவரின் மனைவியின் பெயர் படிவத்தில் தெளிவாக, முழுப் பங்குடன், சாட்சியின் கையொப்பத்துடன் இருந்தாலும் அவரிடம் கேட்கப்படுவது மரணச் சான்றிதழ். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மரணப் பதிவுத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம், போர்ச் சூழலில் ஓராண்டுக்கு மேலாகக் காணாமற்போய், இறந்துவிட்டதாக நம்பப்படுபவர்களுக்கு மரணச் சான்றிதழ் பெற வழி செய்தது. பல தாய்மாரும் மனைவியரும் அதை வாங்க மறுத்தார்கள். சான்றிதழில் ஒப்பமிடுவது தேடலை நிறுத்துவதற்கு ஒப்பமிடுவது என்று அவர்கள் கருதினார்கள். 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. ஆள் இறந்துவிட்டார் என்று அது சொல்வதில்லை. காணவில்லை என்றே சொல்கிறது. குடும்பத்தின் அன்றாட அலுவல்களை நடத்தவும் நலன்புரி உதவிகளைக் கோரவும் அது கைகொடுக்கிறது. ஆயினும் மரணத்தை நிபந்தனையாகக் கொண்ட ஒரு படிவத்துக்கும், மரணத்தை ஏற்க மறுக்கும் ஒரு சான்றிதழுக்கும் இடையே அந்தப் பெண்கள் நிற்கிறார்கள். பங்கும் பெயரும் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் தீராத சிக்கல் இது. படிவத்தின் எல்லை அங்கே முடிகிறது.

மாமியின் விடயம் பதினான்கு மாதங்களில் முடிந்தது. தாயாரின் மரணம் பதினான்கு ஆண்டுகள் கழித்துப் பதியப்பட்டது. மகனுக்குப் பதினெட்டு வயது நிரம்பாதிருந்ததால் அவனுடைய பங்கு பற்றி இன்னுமொரு சுற்று அலைச்சல். பணம் வந்தபோது மகளின் படிப்பு ஓராண்டு நின்றுபோயிருந்தது. அவள் மறுபடி தொடங்கினாள். இன்று அவள் மன்னாரில் ஆசிரியை. தாமதத்தால் அழிந்துபோன குடும்பங்களோடு ஒப்பிட்டால் எங்களுடையது நல்ல முடிவு.

கடந்த மாதம் உயிலங்குளத்துக்குப் போனேன். சோதனைச் சாவடி இருந்த இடத்தைப் புதியவர்கள் அறிய மாட்டார்கள். மாமி இப்போது ஊரிலேயே இருக்கிறார். அவருடைய தகரப் பெட்டிக்குள் மாமாவின் எச் படிவத்தின் பிரதி இன்னும் இருக்கிறது. மடிப்புகளில் கிழிந்து, நீல மை பழுப்பாகியிருக்கிறது. அருகே பதிவாளர் தந்த இரண்டு மரணச் சான்றிதழ்கள். ஒன்று கணவருடையது, மற்றது மாமியாருடையது.

மருமகன் புதிய வேலைக்குச் சேர்ந்திருக்கிறார் என்று பேச்சுவாக்கில் சொன்னார்கள். மாமி அவரைக் கூப்பிட்டு மூன்றே மூன்று கேள்விகள் கேட்டார். ஆருடைய பேர் எழுதினனீர்? அடையாள அட்டையில உள்ளபடி எழுதினனீரா? நம்பிக்கை நிதியத்திலயும் பார்த்தனீரா? மூன்றாவது கேள்விக்கு மருமகனிடம் பதில் இல்லை. நாளைக்கே பார்த்துவிட்டு வந்து சொல்லும் என்றார் மாமி. சட்டம் படித்தவர்கள் பலரிடம் நான் இந்த விடயம் பற்றிக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக எவரும் சொன்னதில்லை.